பிரஷர் மாத்திரையும் விடாத வறட்டு இருமலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூணு மாசமா வறட்டு இருமல், எந்த சிரப்புக்கும் கேட்கலை. பிரஷர் மாத்திரையால இருமல் வருமா?

வரும். எல்லா பிரஷர் மாத்திரையாலும் இல்லை, ஏ.சி.இ. தடுப்பான் என்ற ஒரு வகையால். நான் மருந்துக்கடையில் பல வருஷமாக நிற்பவன். ஒரே சீட்டில் ராமிப்ரிலும் இருமல் சிரப்பும் எழுதி வருவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அடுத்த மாதம் அதே ஆள் வேறு சிரப்புக்கு வருவார், அதற்கடுத்த மாதம் ஆன்டிபயாட்டிக் சேர்ந்திருக்கும். இருமலைக் கிளப்பும் மாத்திரையைத் தினமும் காலையில் விழுங்கிக்கொண்டு, ராத்திரி அதே இருமலுக்கு மருந்து குடிக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. இருமல் தொண்டையில் இருக்கிறது, மாத்திரை ரத்த அழுத்தத்துக்கு, இரண்டுக்கும் முடிச்சுப் போட யாருக்குத் தோன்றும்?

என் மாத்திரை அந்த வகையா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

அட்டையின் முன்பக்கம் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர், அதை விடுங்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அது "ப்ரில்" என்று முடிந்தால் இந்த வகை: ராமிப்ரில், எனலாப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில். "சார்டன்" என்று முடிந்தால் அது ஏ.ஆர்.பி. என்ற வேறு வகை பிரஷர் மாத்திரை: லோசார்டன், டெல்மிசார்டன், ஒல்மெசார்டன் போன்றவை. பலர் ஏமாறுவது கூட்டு மாத்திரையில்தான். ஒரே மாத்திரைக்குள் ஆம்லோடிபினோ, நீர் பிரியும் மருந்தோ ராமிப்ரிலோடு சேர்ந்து இருக்கலாம், அதனால் அட்டையில் உள்ள எல்லாப் பெயர்களையும் படியுங்கள். கண் தெரியவில்லை என்றால் கடைக்காரரிடம் நீட்டி "இதில் ப்ரில் இருக்கா?" என்று கேட்டால் போதும்.

பிரஷரைக் குறைக்கிற மருந்து தொண்டையில போய் என்ன பண்ணுது?

நம் உடம்பில் ஏ.சி.இ. என்று ஒரு நொதி இருக்கிறது, நுரையீரலின் ரத்தக் குழாய்ச் சுவர்களில் அது நிறைய. அதை ஒரு கத்தரிக்கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு இரண்டு வேலை. ஒன்று, ஆஞ்சியோடென்சின் ஒன்று என்ற பொருளை வெட்டி ஆஞ்சியோடென்சின் இரண்டாக மாற்றுவது. இந்த இரண்டாவது பொருள்தான் ரத்தக் குழாய்களை இறுக்கி அழுத்தத்தை ஏற்றுகிறது. மற்றொரு வேலை, பிராடிகைனின் என்ற பொருளைத் துண்டு துண்டாக வெட்டி அப்புறப்படுத்துவது.

மாத்திரை கத்தரியையே கட்டிப் போட்டுவிடுகிறது. முதல் வேலை நின்றதால் ரத்தக் குழாய் தளர்ந்து பிரஷர் இறங்குகிறது, நமக்கு வேண்டியது அதுதான். ஆனால் இரண்டாவது வேலையும் கூடவே நின்றுபோகிறது. பிராடிகைனின் வெட்டப்படாமல் மூச்சுக்குழாயில் தேங்குகிறது. அங்கே இருமலைத் தூண்டும் நரம்பு முனைகள் இருக்கின்றன. பிராடிகைனின் நேராகவும், புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைக் கிளப்பிவிட்டும், அந்த முனைகளைக் கூர்மையாக்கிவிடுகிறது. ஏ.சி.இ. அகற்ற வேண்டிய இன்னொரு பொருளான சப்ஸ்டன்ஸ் பி-யும் அங்கே தேங்கி, தன் பங்குக்கு அதே வேலையைச் செய்கிறது. அதற்கப்புறம் சாதாரணமாகக் கவனிக்கவே செய்யாத சங்கதிகள், குளிர்ந்த காற்று, கொஞ்சம் வேகமாகப் பேசுவது, தாளிக்கிற நெடி, எல்லாமே இருமலைக் கிளப்பும். நுரையீரலில் நோய் எதுவும் இல்லை. அதனால்தான் எக்ஸ்ரே சுத்தமாக வரும், டாக்டர் ஸ்டெத் வைத்துக் கேட்டாலும் ஒன்றும் கேட்காது.

இந்த மருந்து பிறந்த கதையிலேயே இந்த இருமலுக்கு விதை இருக்கிறது. 1960களில் பிரேசிலைச் சேர்ந்த செர்ஜியோ ஃபெரேரா என்ற ஆய்வாளர், ஜராராகா என்ற விரியன் பாம்பின் விஷம் பிராடிகைனினின் வேலையைப் பலமடங்கு கூட்டுகிறது என்று கண்டார். அந்த விஷத்தில் இருந்த பொருள் ஏ.சி.இ. கத்தரியைத் தடுக்கிறது என்று பின்னால் தெரியவந்தது. அந்த வழியில்தான் முதல் மாத்திரையான கேப்டோப்ரில் உருவாகி 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆக, பிராடிகைனின் தேங்குவது எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட குறை இல்லை, மருந்தின் அடிப்படை வேலையிலேயே அது அடக்கம்.

இந்த இருமலுக்குன்னு தனி அடையாளம் உண்டா?

சளியே வராது. தொண்டைக்குழியில் முடி சிக்கியது மாதிரியோ, இறகு வைத்துக் கிச்சுக்கிச்சு மூட்டுவது மாதிரியோ ஒரு அரிப்பு, அதை அடக்க இருமினால் இன்னும் இருமல். படுத்தால் கூடும் என்று பலர் சொல்வார்கள். காய்ச்சல் இருக்காது, எடை குறையாது, மூச்சு வாங்காது. ஆனாலும் ஆளைப் படுத்தி எடுத்துவிடும். தூக்கம் கெடும், குரல் கம்மும், இருமி இருமி வாந்தி வரை போகும். பெண்கள் பலருக்கு இருமும்போது சிறுநீர் கசியும். அதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டே மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையை மாற்ற அந்த ஒரு காரணமே போதும்.

ஆனால் வறட்டு இருமல் என்பதை மட்டும் வைத்து இதுதான் என்று முடிவுகட்ட முடியாது. ஆஸ்துமா, நெஞ்செரிச்சல் நோய், மூக்கிலிருந்து தொண்டைக்குள் நீர் இறங்குவது, இவற்றிலும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்.

ஏழெட்டு மாசமா இதே மாத்திரைதான், அப்போ இல்லாத இருமல் இப்போ எப்படி வரும்?

இந்த வாதத்தால்தான் பலருடைய இருமல் கண்டுபிடிக்கப்படாமல் இழுக்கிறது. முதல் மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் ஆரம்பித்தவர்களும் உண்டு, சில வாரம் கழித்து ஆரம்பித்தவர்களும் உண்டு, பல மாதம் சும்மா இருந்துவிட்டு அப்புறம் ஆரம்பித்தவர்களும் உண்டு. சிலருக்கு ஒரு சளிக் காய்ச்சல் வந்து போகும், சளி தீர்ந்தும் இருமல் மட்டும் நிற்காது. எப்போது ஆரம்பித்தது என்பதை வைத்து மாத்திரைக்கு விடுதலை கொடுத்துவிடாதீர்கள்.

இந்த மாத்திரை போடுற எல்லாருக்குமா இருமல் வருது?

இல்லை. ஆய்வுக்கு ஆய்வு கணக்கு வேறுபட்டாலும், பொதுவாகச் சொல்வது நூற்றில் 5 முதல் 20 பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், புகைபிடிக்காதவர்களுக்கு அதிகம், சீனர் போன்ற கிழக்காசிய மக்களிடம் இன்னும் அதிகம். வீட்டில் அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதே மாத்திரை போடும் அம்மாவுக்கு மட்டும் இருமல் என்றால் அது சாத்தியம்தான்.

மாத்திரையைப் பாதியாக்கிப் பார்க்கலாமா? இல்லேன்னா ராமிப்ரிலுக்குப் பதில் எனலாப்ரில்?

இரண்டும் பெரும்பாலும் வீண். இந்த இருமல் அளவைப் பொறுத்து வருவது இல்லை என்பதால் 5 மி.கி.யை 2.5 ஆக்கினால் பிரஷர் ஏறுமே தவிர இருமல் அப்படியே இருக்கும். எல்லா ப்ரிலும் கட்டிப் போடுவது அதே கத்தரியைத்தான், எனவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினாலும் திரும்ப அதே இடத்தில் வந்து நிற்பீர்கள். சிரப் ராத்திரித் தூக்கத்துக்குக் கொஞ்சம் உதவலாம், காரணத்தை அது தொடாது. இருமல் லேசாக இருந்து உங்களால் பொறுக்க முடிகிறது என்றால் மாத்திரையைத் தொடர்வதும் தப்பில்லை, சிலருக்குத் தானாகவே அடங்கியும் இருக்கிறது.

ஏ.ஆர்.பி.யும் அதே வேலையைத்தானே செய்யுது, அதுல மட்டும் ஏன் இருமல் இல்லை?

அது கத்தரியைத் தொடுவதே இல்லை. ஆஞ்சியோடென்சின் இரண்டு உருவாகட்டும் என்று விட்டுவிட்டு, அது போய் உட்கார வேண்டிய இடத்தை மட்டும் அடைத்துவிடுகிறது. சாவி தயாராக இருக்கிறது, பூட்டின் துவாரத்தை மெழுகால் அடைத்தாயிற்று. பிரஷர் இறங்குகிறது, பிராடிகைனின் வழக்கம்போல் வெட்டுப்பட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

இதைச் சோதித்துப் பார்த்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1994இல் வெளிவந்த ஒரு ஆய்வில், ஏ.சி.இ. மாத்திரையால் ஏற்கனவே இருமல் வந்த 135 பேரை எடுத்துக்கொண்டார்கள். யாருக்கு எது என்று தெரியாமல் மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு லிசினோப்ரில், ஒரு பிரிவுக்கு லோசார்டன், ஒரு பிரிவுக்கு இருமலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் பிரியும் மாத்திரை. லிசினோப்ரில் பிரிவில் நூற்றுக்கு 72 பேருக்கு இருமல், லோசார்டனில் 29, நீர் மாத்திரையில் 34. லோசார்டனிலும் 29 இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். இருமலே தராத மாத்திரையில் 34 பேர் இருமியிருக்கிறார்கள் என்றால், அந்த அளவு இருமல் இப்படிப்பட்ட கூட்டத்தில் எப்படியும் இருப்பது, மருந்து கொண்டுவந்தது அல்ல. இன்னொன்றையும் பாருங்கள், ஏற்கனவே இருமியவர்களில்கூட நூற்றுக்கு 28 பேர் லிசினோப்ரில் போட்டும் இருமவில்லை.

ஹார்ட்டுக்கு நல்லதுன்னுதான் ராமிப்ரில் கொடுத்தாங்க. மாத்தினா அந்தப் பாதுகாப்பு போயிடாதா?

நியாயமான பயம். இதற்குப் பதில் தேடித்தான் ஆன்டார்கெட் என்ற பெரிய ஆய்வு நடந்தது, 2008இல் முடிவு வெளிவந்தது. இதய நோயோ, உறுப்புகளைப் பாதித்த சர்க்கரை நோயோ உள்ள 25,000க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பகுதிக்கு ராமிப்ரில், ஒரு பகுதிக்கு டெல்மிசார்டன், இன்னொரு பகுதிக்கு இரண்டும் சேர்த்து. இதயத்தால் மரணம், மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ராமிப்ரிலில் நூற்றுக்கு 16.5, டெல்மிசார்டனில் 16.7. சமம் என்றே சொல்லலாம். இருமலால் மருந்தை விட்டவர்கள் ராமிப்ரிலில் 4.2, டெல்மிசார்டனில் 1.1. நிஜத்தில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது, ஏனென்றால் ஆய்வு தொடங்குவதற்கு முன் எல்லோருக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்து, ஒத்துக்கொள்ளாதவர்களை விட்டுவிட்டே ஆரம்பித்தார்கள்.

இரண்டும் சேர்த்துக் கொடுத்த பிரிவில் கூடுதல் நன்மை வரவில்லை, சிறுநீரகக் கோளாறும் தலைசுற்றும் அளவுக்கு பிரஷர் இறங்குவதும்தான் கூடியது. அதனால் சார்டன் வந்ததும் ப்ரிலை நிறுத்தியாக வேண்டும். பழைய அட்டையில் மிச்சம் இருக்கிறதே என்று இரண்டையும் போட்டுக்கொண்டு வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஏ.சி.இ. மாத்திரைக்கு நீண்ட கால ஆதாரம் இருப்பதால் டாக்டர் சட்டென்று மாற்றத் தயங்குவார், அந்தத் தயக்கம் சரியானது. ஆனாலும் ஏ.சி.இ. ஒத்துக்கொள்ளாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு கேண்டசார்டன் கொடுத்துப் பார்த்து, 2003இல் நல்ல பலன் காட்டியிருக்கிறார்கள். அந்த ஆய்வில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஏ.சி.இ. மாத்திரையை விட்டதே இருமலால்தான்.

மாத்திரையை மாத்துறது நடைமுறையில எப்படி? நடுவில இடைவெளி விடணுமா?

என் அத்தையின் கதையைச் சொல்கிறேன். வயது 61, சர்க்கரையும் பிரஷரும் உண்டு, சிறுநீரில் புரதம் கொஞ்சம் போவதால் ராமிப்ரில் 5 மி.கி. ஆரம்பித்தார்கள். ஆறு வாரம் கழித்து இருமல். முதலில் தூசி என்றார்கள், பிறகு அலர்ஜி என்றார்கள், மூன்று பாட்டில் சிரப்பும் ஒரு ஆன்டிபயாட்டிக் கோர்ஸும் முடிந்தது. பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நகர்ந்து உட்காருகிறார்கள் என்று அத்தை வெளியே போவதையே நிறுத்திவிட்டார். அவர் மாத்திரை டப்பாவை நான் பார்த்ததே நாலாவது மாதம்தான், முன்னாடியே கேட்டிருக்க வேண்டும்.

அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். அவர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், சுத்தமாக இருந்தது. ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்த்தார், 4.4, 0.9. மறுநாள் காலையிலிருந்து ராமிப்ரிலுக்குப் பதில் டெல்மிசார்டன் 40 மி.கி. இடைவெளி எதுவும் இல்லை, நேற்று பழையது, இன்று புதியது. சிறுநீரில் புரதம் போவதால் இந்த வகை மருந்தின் பாதுகாப்பு அத்தைக்குக் கட்டாயம் வேண்டும், அதனால்தான் வேறு ஏதோ பிரஷர் மாத்திரைக்குப் போகாமல் சார்டனுக்கு மாற்றினார்.

முதல் வாரம் ஒரு மாற்றமும் இல்லை, அத்தை "இதுவும் வேஸ்ட்" என்றார். பத்தாம் நாள் வாக்கில் ராத்திரி இருமல் குறைந்தது, மூன்றாவது வாரம் முடிவதற்குள் நின்றேவிட்டது. இரண்டு வாரத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 4.6, கிரியாட்டினின் 1.0, கவலைப்பட ஒன்றுமில்லை. பிரஷர் 138/84 என்று கொஞ்சம் மேலே நின்றதால் மாத்திரையை 80 மி.கி. ஆக்கினார், அடுத்த மாதம் 128/78.

அந்த ரத்தப் பரிசோதனையை யாரும் தவிர்க்கக் கூடாது. பொட்டாசியம் ஏறுவதும் சிறுநீரகம் தடுமாறுவதும் ப்ரிலுக்கு உள்ள மாதிரியே சார்டனுக்கும் உண்டு, மாற்றிவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது என்று இல்லை. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம்தான் கலந்திருக்கும், அதைப் பயன்படுத்தினால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும், ஆகத் திட்டமிடுபவர்களும் இரண்டு வகையையுமே போடக் கூடாது.

இடைவெளி கட்டாயம் வேண்டிய மாத்திரை ஒன்று உண்டு. இதயச் செயலிழப்புக்குக் கொடுக்கும் சாகுபிட்ரில் வால்சார்டன் கூட்டு மாத்திரை. பெயரில் சார்டன் இருந்தாலும் கூட இருக்கும் சாகுபிட்ரில் பிராடிகைனினைத் தேங்கவைக்கும். கடைசி ப்ரில் மாத்திரைக்கும் இதற்கும் இடையே 36 மணி நேரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முகமும் தொண்டையும் வீங்கும் ஆபத்து இருக்கிறது.

மாத்தி ரெண்டு வாரம் ஆச்சு, இன்னும் இருமல் இருக்கே?

பொறுங்கள். பெரும்பாலோருக்கு ஒன்று முதல் நான்கு வாரத்தில் நிற்கும், சிலருக்கு மூன்று மாதம் வரைகூட இழுக்கும். மருந்து சில நாளில் உடம்பைவிட்டுப் போய்விடும், கூர்மையாகிவிட்ட நரம்பு முனைகள் பழைய நிலைக்குத் திரும்பத்தான் நேரம் ஆகிறது. ஒரு மாதத்தில் துளியும் குறையவில்லை என்றால் டாக்டரிடம் மறுபடி போய் மற்ற காரணங்களைத் தேட வேண்டும். மூன்று மாதம் தாண்டியும் அப்படியே இருந்தால் குற்றவாளி மாத்திரை இல்லை.

அப்போ நானே இன்னைக்கு மாத்திரையை நிறுத்திட்டுப் பார்க்கட்டுமா?

வேண்டாம். நிறுத்திப் பார்ப்பதுதான் இதைக் கண்டுபிடிக்கும் ஒரே நம்பகமான வழி என்பது உண்மை, ஆனால் அதே நாளில் பதில் மருந்து கையில் இருக்க வேண்டும். மாரடைப்பு வந்தவரோ இதயச் செயலிழப்பு உள்ளவரோ ஒரு மாதம் எதுவும் போடாமல் இருமலைக் கவனித்துக்கொண்டிருக்க முடியாது. போய்ப் பார்த்து "எனக்கு ராமிப்ரில் ஓடுது, அது ஆரம்பிச்ச பிறகு வறட்டு இருமல், சார்டனுக்கு மாத்தலாமா?" என்று கேளுங்கள்.

இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு இருமல் கூடி, கூடவே படுத்தால் மூச்சுத் திணறுகிறது, கால் வீங்குகிறது, எடை சில நாளில் ஏறுகிறது என்றால் அது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதாக இருக்கலாம். அப்போது உடனே போக வேண்டும், ப்ரிலை நிறுத்துவது நிலைமையை மோசமாக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலே நம் ஊரில் காசநோய்ப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். ப்ரில் போடுகிறோம் என்பதற்காக அதைத் தள்ளிவிடாதீர்கள், சளியோ சாயங்காலக் காய்ச்சலோ எடை குறைவோ ரத்தமோ இருந்தால் நிச்சயம் தள்ளக் கூடாது.

இருமலோட உதடும் கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கு. அதுவும் இதுதானா?

இது இருமல் விஷயம் இல்லை, அவசரம். உதடு, நாக்கு, முகம், தொண்டை வீங்குவது அபூர்வமாக இதே மாத்திரையால் வரும், அதுவும் பிராடிகைனின் வேலைதான். தொண்டை அடைத்து மூச்சு நின்றுபோகலாம். அலர்ஜிக்குப் போடும் மாத்திரை இதற்குச் சரியாகக் கேட்காது, அதனால் வீட்டில் ஒன்றைப் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு முறை வந்துவிட்டால் வாழ்நாளில் மறுபடி எந்த ப்ரிலும் கூடாது. சார்டன் கொடுப்பதுகூட டாக்டர் யோசித்து, கண்காணிப்போடு எடுக்க வேண்டிய முடிவு, இருமலுக்கு மாற்றுவது போல மறுநாள் காலையே ஆரம்பிக்கிற சமாச்சாரம் இல்லை.